13 புள்ளி, 3 கம்பி: சின்ன வாசலுக்கு ஒரு சிக்குக் கோலம்

1 / 9
நேர்ப்புள்ளி 5, ஒன்றில் முடியும். மொத்தம் 13 புள்ளி, மூன்றே கம்பி. மார்கழியில் விடியற்காலைக் குளிரில் சட்டென்று போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும், ஆனால் பார்க்கிறவர்கள் ஒரு நிமிஷம் நிற்கவும் வேண்டும் என்றால் இதைப் போடுங்கள்.
நகர்த்திப் பாருங்கள் 👉

2 / 9: புள்ளி
மேலிருந்து ஒவ்வொரு வரிசையாக வைத்துக்கொண்டு வந்தால் கோலம் ஒரு பக்கம் சாயும். முதலில் நடுவரிசையில் ஐந்து புள்ளி. அப்புறம் அதன் நடுப்புள்ளிக்கு நேர் மேலே இரண்டு, நேர் கீழே இரண்டு. இப்போது ஒரு கூட்டல் குறி கிடைத்துவிட்டது, மிச்சம் இருக்கிற நாலு மூலைப் புள்ளிகளைக் கண்ணாலேயே சரியாக வைத்துவிடலாம்.

புள்ளிக்குப் புள்ளி 3 அங்குலம் விட்டால் முடிந்த கோலம் ஏறக்குறைய ஒன்றேகால் அடி அகலம் வரும். இதைவிட நெருக்கி வைக்காதீர்கள், கம்பி தடித்துப் புள்ளியையே மூடிவிடும்.

3 / 9: புள்ளிக்கு எண்
அடுத்து வரும் படங்களில் எல்லாம் இந்த எண்ணை வைத்துத்தான் சொல்லப் போகிறேன், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

```
         1
     2   3   4
 5   6   7   8   9
    10  11  12
        13
```

4 / 9: கம்பி 1
7-க்கும் 8-க்கும் நடுவில் மாவை வையுங்கள். அங்கிருந்து வலப்பக்கம் சாய்வாக மேலே ஏறி, 4-க்கும் 8-க்கும் நடுவில் நுழைந்து, 4-ஐ வெளிப்பக்கமாகச் சுற்றி, 3-க்கும் 4-க்கும் நடுவில் இறங்குங்கள். கையை எடுக்காமல் அதே சாய்வில் நேராக: 3–7 நடுவில், 6–7 நடுவில், 6–10 நடுவில். இப்போது 10-ஐச் சுற்றி 10–11 நடுவில் திரும்பி, 7–11 வழியாகத் தொடங்கிய இடத்துக்கே வந்து மூடுங்கள்.

4, 7, 10 மூன்றும் ஒரு நீள வளையத்துக்குள் இருக்க வேண்டும். வேறு எந்தப் புள்ளியும் உள்ளே இருக்கக் கூடாது.

5 / 9: கம்பி 2
அதே வளையம், எதிர்ப்பக்கச் சாய்வில். 6–7 நடுவில் தொடங்கி இடப்பக்கம் ஏறி 2–6, 2-ஐச் சுற்றி 2–3, அப்புறம் 3–7, 7–8, 8–12, 12-ஐச் சுற்றி 11–12, கடைசியாக 7–11, மறுபடி 6–7.
உள்ளே 2, 7, 12. இரண்டு வளையமும் 7-ஆம் புள்ளியைச் சுற்றி நாலு இடத்தில் வெட்டிக்கொள்ளும்.

6 / 9: கம்பி 3, முதல் பாதி
இதுதான் கோலத்துக்கு அழகே. நிதானமாகப் போடுங்கள்.

8–9 நடுவில் தொடங்கி இடப்பக்கம் சாய்வாக ஏறுங்கள். 4–8 நடுவில், 3–4 நடுவில், அப்படியே போய் 1–3 நடுவுக்கு வந்து சேர்வீர்கள். இந்த இடத்தில்தான் நிறையப் பேருக்குத் தவறும். வலப்பக்கத்திலிருந்து வருகிறோமே என்று கை தானாக 1-க்கு வலப்பக்கம் போகப் பார்க்கும். விடாதீர்கள். கம்பி வந்த திசையிலேயே போக வேண்டும், அதாவது 1-க்கு இடப்பக்கமாக ஏறி, தலையைச் சுற்றி, வலப்பக்கமாக இறங்கி, வந்த கம்பியையே 1–3 நடுவில் வெட்ட வேண்டும். வெட்டாமல் வளைத்தால் அது சுழி ஆகாது, வெறும் மேடாக நிற்கும்.

வெட்டியபின் அதே சாய்வில் கீழே: 2–3, 2–6, 5–6.

7 / 9: கம்பி 3, மறு பாதி
5–6 நடுவிலும் வந்த கம்பியையே வெட்டுகிற அதே சூத்திரம்தான்: 5-க்குக் கீழ்ப்பக்கமாகப் போய், சுற்றி, மேல்பக்கமாகத் திரும்பி வாருங்கள். அப்புறம் 6–10, 10–11, 11–13. 13-க்கு வலப்பக்கமாக இறங்கி, சுற்றி, இடப்பக்கமாக ஏறுங்கள். 11–12, 8–12, 8–9. கடைசிச் சுழி 9-க்கு: மேல்பக்கமாகப் போய்க் கீழ்ப்பக்கமாகத் திரும்பினால் தொடங்கிய இடத்தில் கம்பி தானாக மூடிக்கொள்ளும்.

மொத்தக் கோலத்திலும் கையை எடுத்தது இரண்டே தடவை, ஒரு கம்பி முடிந்து அடுத்த கம்பி தொடங்கும்போது மட்டும்.

8 / 9: சரிபார்க்க
கோலத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. பக்கத்துப் பக்கத்திலும் மேலும் கீழுமாகவும் இருக்கிற எந்த இரண்டு புள்ளியை எடுத்தாலும் நடுவில் ஒரு வெட்டு இருக்க வேண்டும், இந்தக் கோலத்தின் மொத்தக் கணக்கும் இவ்வளவுதான். மொத்தம் 16 வெட்டு. எங்கே வெட்டு இல்லையோ அங்கேதான் கம்பி தடம் மாறியிருக்கிறது, அந்த இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் திரும்பப் போடலாம்.

```
        ●
        ×
    ● × ● × ●
    ×   ×   ×
● × ● × ● × ● × ●
    ×   ×   ×
    ● × ● × ●
        ×
        ●
```

9 / 9: முடிந்த கோலம்
நடுவில் பெருக்கல் குறிபோல் இரண்டு நீள வளையம், அவற்றோடு பின்னிக்கொண்டு ஒரு சாய்சதுரம், அதன் நாலு முனையிலும் ஒவ்வொரு சுழி. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும், வீட்டுக்குள்ளிருந்து வெளியே வருகிறவர்களுக்கும் தெருவில் போகிறவர்களுக்கும் ஒரே கோலம்தான்.

புள்ளியே இல்லாத கட்டம் நாலு தெரிகிறதா? 3, 4, 7, 8-க்கு நடுவில் ஒன்று, அதேபோல் மற்ற மூன்று பக்கமும். காவி வைப்பதாக இருந்தால் அந்த நாலில் மட்டும் வையுங்கள். புள்ளி இருக்கிற கட்டத்தில் கலரை அப்பினால் புள்ளி மறைந்துவிடும், புள்ளிக் கோலத்தில் புள்ளி தெரியாவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது?

---

வாசல் தெளித்த ஈரம் முழுக்கக் காயும் முன்னால் போட்டுவிடுங்கள், மாவு தரையைப் பிடித்துக்கொள்ளும். அதற்காகத் தண்ணீர் தேங்கி நிற்கும்போதும் வேண்டாம், கம்பி கரைந்து பரவும். கோலப்பொடி கையில் நன்றாக ஓடும், கம்பி சன்னமாக விழும், பழகுகிறவர்களுக்கு அது சுலபம். ஆனால் எனக்கு அரிசிமாவுதான் பிடிக்கும், எறும்பும் குருவியும் வந்து தின்றுவிட்டுப் போகட்டுமே. இரண்டையும் சமமாகக் கலந்தும் போடலாம்.

பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கொஞ்சமாக எடுங்கள். நிறைய அள்ளினால் தொடக்கத்தில் கொட்டும், சுழிக்கு வரும்போது தீர்ந்துபோகும். முதல்முறை போடுகிறவர்கள் மூன்று கம்பியையும் மூன்று கலர் பேனாவில் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள், எந்தக் கம்பி எங்கே போகிறது என்று உடனே பிடிபடும். நடுவில் பூசணிப்பூ வைக்கிறவர்கள் சாண உருண்டையை 7-ஆம் புள்ளியின் மேலேயே வைத்துவிடலாம், கம்பியில் படாது.

எந்தச் சுழியில் மாட்டிக்கொண்டாலும் புள்ளி எண்ணோடு கமெண்டில் கேளுங்கள், சொல்கிறேன்.

#சிக்குக்கோலம் #புள்ளிக்கோலம் #மார்கழிக்கோலம்