மூன்றாவது பிரதி

முகூர்த்தம் முடிந்து நான்காம் நாள். கும்பகோணத்துப் போட்டோ கடையில் செல்வம், கல்யாணப் படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க்கைச் செருகினான். பல்லி கத்துவதுபோல் 'டிக், டிக்' என்றது. திரையில் எதுவும் வரவில்லை. மெமரி கார்டுகளை அடுத்த கல்யாணத்துக்காக முந்தைய இரவே அழித்திருந்தான்.

பெண்ணின் அப்பா திட்டவில்லை. "தாலி கட்டும்போது என் அம்மா அழுதார்கள், தம்பி. அந்த ஒரு படமாவது..." என்றார். திருப்பிக் கொடுத்த பணத்தை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. திட்டியிருக்கலாம்.

இப்போதெல்லாம் மண்டபத்திலேயே மடிக்கணினியில் ஒரு பிரதி, டிஸ்க்கில் ஒன்று. மூன்றாவது, அடுத்த ஊரில் அக்கா வீட்டு பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு நடுவே. ஆல்பம் கைமாறும்வரை கார்டுகளை அழிப்பதில்லை.

"இதில் என்னடா இருக்கிறது?" என்றாள் அக்கா.

"யார் வீட்டுப் பாட்டியோ, அக்கா."