குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005, பிரிவு 12-இன் கீழ் மனு

மாவட்ட உரிமையியல் மற்றும் நீதித்துறை நடுவர் நீதிமன்றம், ஒட்டன்சத்திரம்

மனுதாரர்: கவிதா, வயது 33, க/பெ பாலமுருகன். தற்போது வேடசந்தூர் வட்டத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறேன். பாதுகாப்பை எண்ணி முழு முகவரியைப் பாதுகாப்பு அலுவலரிடம் மட்டும் கொடுத்திருக்கிறேன்.

எதிர்மனுதாரர்கள்: 1. பாலமுருகன், வயது 39, கணவர். 2. சரஸ்வதி, வயது 63, மாமியார். இருவரும் ஒட்டன்சத்திரம் தெற்குத் தெருவில் ஒரே வீட்டில் வசிப்பவர்கள்.

மனுதாரர் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது:

1. எனக்கும் 1-ஆம் எதிர்மனுதாரருக்கும் 12.06.2016 அன்று பெரியோர் முன்னிலையில் திருமணம் நடந்து, முறையாகப் பதிவும் செய்யப்பட்டது. எங்களுக்கு 3-ஆம் வகுப்பு படிக்கும் 8 வயது மகளும், அங்கன்வாடிக்குப் போகும் 4 வயது மகனும் இருக்கிறார்கள். இரண்டு பேரும் இப்போது என்னோடு இருக்கிறார்கள்.

2. திருமணத்தின்போது என் பெற்றோர் 22 பவுன் நகை போட்டார்கள். பீரோ, கட்டில், பாத்திரங்கள், தையல் மெஷின் எல்லாம் சீராக வந்தவை. 2018-இல் மாடி கட்டியபோது தளம் போடப் பணம் போதவில்லை என்று என் நகையில் 8 பவுனை விற்றார்கள். மீதி 14 பவுனை 2023 தைப்பொங்கல் முடிந்த வாரம் கணவர் அடகு வைத்தார், இன்றுவரை திருப்பவில்லை. அடகுச் சீட்டு அவரிடமே இருக்கிறது. அதன் போட்டோவை என் போனில் எடுத்து வைத்திருந்தேன், நகலை இணைத்துள்ளேன்.

3. கணவர் காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் மண்டியில் பங்குதாரர். திருமணமான முதல் இரண்டு மூன்று வருடங்கள் பெரிய குறை எதுவும் இல்லை, அதை மறைக்க நான் விரும்பவில்லை. 2020-இல் கொரோனா ஊரடங்கில் வியாபாரம் படுத்தபோது குடிக்க ஆரம்பித்தார். வியாபாரம் பிறகு சரியானது, குடி நிற்கவில்லை. அப்புறம் கன்னத்தில் அடிப்பது, முடியைப் பிடித்து இழுப்பது, பிள்ளைகள் எதிரில் என் நடத்தையைப் பற்றிக் கூசும் வார்த்தைகள் பேசுவது என்று ஆனது. வீட்டில் தைத்து மாதம் 3,000, 4,000 ரூபாய் சம்பாதித்தேன். அதையும் வாங்கிக்கொள்வார். பால் வாங்கக்கூட அவரிடம் கேட்டு நிற்க வேண்டும். மாமியார் ஒருநாளும் தடுத்ததில்லை. "ஆம்பளைன்னா கோபம் வரத்தான் செய்யும், நீதான் வாயை மூடணும்" என்பார்.

4. 23.10.2025 இரவு சுமார் 10.30 மணி. தீபாவளி முடிந்து மூன்றாம் நாள். மகளின் பள்ளிக்குக் கட்ட வேண்டிய 6,000 ரூபாயைக் கணவரிடம் கேட்டேன். "உங்க அண்ணன்கிட்ட வாங்கிட்டு வா" என்று சொல்லிப் பிடித்துத் தள்ளினார். கிரைண்டர் மேல் விழுந்து இடது மணிக்கட்டு உடைந்தது. மகள்தான் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டி வந்தாள். மறுநாள் அரசு மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போட்டார்கள். யார் தள்ளியது என்று டாக்டர் கேட்டபோது உண்மையைச் சொன்னேன். விபத்துப் பதிவேட்டில் அது எழுதப்பட்டிருக்கிறது. அன்றே மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து மனு ரசீது பெற்றேன். இருவரையும் கூப்பிட்டுப் பேசினார்கள். இனி அடிக்க மாட்டேன் என்று கணவர் எழுதிக் கொடுத்தார். அதை நம்பித்தான் அதே வீட்டுக்குத் திரும்பினேன்.

5. 16 நாள் கழித்து, 09.11.2025 ஞாயிறு இரவு, "போலீஸுக்குப் போன பொம்பளைக்கு என் வீட்டில் இடமில்லை" என்று என்னையும் பிள்ளைகளையும் வெளியே தள்ளிக் கதவைப் பூட்டினார். கட்டுப் போட்ட கையோடு, மாற்றுத்துணி இல்லாமல், பக்கத்து வீட்டுத் திண்ணையில் இரவைக் கழித்தோம். மகன் செருப்புகூடப் போட்டிருக்கவில்லை. விடிந்ததும் அண்ணன் வந்து அழைத்துப் போனார். 181 மகளிர் உதவி எண்ணில் பேசியபின் பாதுகாப்பு அலுவலரை 14.11.2025 அன்று சந்தித்தேன். அவர் பதிவு செய்த குடும்ப நிகழ்வு அறிக்கை இத்துடன் உள்ளது.

6. குடியிருப்பு பற்றி: தெற்குத் தெரு வீடு மாமியார் பெயரில் இருக்கிறது, கீழ்த்தளமும் மாடியும் கொண்டது. திருமணமான நாள் முதல் வெளியேற்றப்பட்ட இரவு வரை, 9 ஆண்டுகளுக்கு மேல், கணவரோடு அங்கேதான் குடித்தனம் நடத்தினேன். 2018 முதல் மாடியில்தான் எங்கள் சமையல், படுக்கை எல்லாம். பிரிவு 2(எஸ்)-இன்படி அது பகிர்ந்து வாழ்ந்த இல்லம். மனைவிக்கு அதில் பட்டா, பத்திரம் இல்லாவிட்டாலும் வசிக்கும் உரிமை உண்டு என்கிறது பிரிவு 17. வீடு மாமனார், மாமியார் பெயரில் இருந்தாலும் அந்த உரிமை அற்றுப்போகாது என்று உச்ச நீதிமன்றம் சதீஷ் சந்தர் அஹுஜா எதிர் ஸ்னேஹா அஹுஜா வழக்கில் 2020-இல் தீர்ப்பளித்திருக்கிறது. மாமியாரை வெளியேற்றும்படி நான் கேட்கவில்லை. வீட்டிலிருந்து ஒரு பெண்ணை வெளியேற்றச் சட்டமும் இடம் தரவில்லை. அவர் கீழே இருக்கட்டும், என் நகையை விற்றுக் கட்டிய மாடியில் நானும் என் பிள்ளைகளும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

7. அவசரம் ஏன்: வீட்டை விற்க அட்வான்ஸ் வாங்கப்போவதாக மாமியார் 15.11.2025 அன்று என் அண்ணனிடம் போனில் சொன்னார். விற்றுவிட்டால் இந்த மனுவே பயனற்றுப் போகும். அண்ணன் வீட்டில் இரண்டே அறை, அவர் குடும்பத்தில் நாலு பேர், அதோடு நாங்கள் மூவர். மகள் 10-ஆம் தேதியிலிருந்து பள்ளிக்குப் போகவில்லை, தினமும் போய்வரும் தூரமும் இல்லை. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. கை குணமாகும் வரை என்னால் தைக்க முடியாது, மெஷினும் அந்த வீட்டில்தான் இருக்கிறது. கணவருக்கு எனக்குத் தெரிந்து மாதம் 60,000 ரூபாய்க்குக் குறையாமல் வருமானம் வருகிறது. என் சொத்து, வருமான விவரப் பிரமாணப் பத்திரத்தைத் தாக்கல் செய்துள்ளேன்.

8. சம்பவங்கள் இந்த நீதிமன்ற எல்லைக்குள் நடந்தவை. எங்களுக்கிடையே வேறு எந்த நீதிமன்றத்திலும் வழக்கு நிலுவையில் இல்லை.

ஆகவே, பிரிவு 23-இன் கீழ், இத்துடன் உள்ள பிரமாணப் பத்திரத்தின் அடிப்படையில், எதிர்மனுதாரர்களுக்கு அறிவிப்பு போய்ச் சேரும் முன்பே கீழ்க்கண்ட இடைக்கால உத்தரவுகளைப் பிறப்பிக்க வேண்டுகிறேன்:

அ) கணவர் என்னையோ பிள்ளைகளையோ அடிக்க, மிரட்ட, மகளின் பள்ளிக்கோ அண்ணன் வீட்டுக்கோ வந்து தொந்தரவு செய்யத் தடை.

ஆ) மாடிப் பகுதியை எனக்குத் திறந்துவிடவும், கணவர் அங்கே நுழையாதிருக்கவும், வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாதென்றும் உத்தரவு. நான் வீட்டுக்குள் போகும் நாளில் காவல் நிலையமும் பாதுகாப்பு அலுவலரும் உடனிருக்க ஆணை.

இ) மனுத் தேதியிலிருந்து மாதம் 18,000 ரூபாய் பராமரிப்பு. இது மளிகை, பால், பள்ளிச் செலவு, என் மருத்துவம் எல்லாவற்றுக்கும் சேர்த்து.

ஈ) தையல் மெஷின், துணிமணி, ஆதார், ரேஷன் கார்டு, மகளின் புத்தகங்களை உடனே ஒப்படைக்க உத்தரவு.

உ) பிள்ளைகள் இருவரும் என் பொறுப்பிலேயே இருக்க உத்தரவு.

இறுதி விசாரணையில் பிரிவு 18, 19, 20, 21-இன்படி இவற்றை உறுதி செய்து, 14 பவுன் நகையை மீட்டுத் தரவும், பிரிவு 22-இன்படி 3,00,000 ரூபாய் இழப்பீடு வழங்கவும் வேண்டுகிறேன். முதல் விசாரணையைச் சட்டம் சொல்லும் மூன்று நாளுக்குள் வைக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

சரிபார்ப்பு: மேலே 1 முதல் 8 வரையுள்ள பத்திகளில் நடந்ததாகச் சொன்னவை நானே அறிந்த உண்மை. வீட்டு விற்பனை பற்றியது அண்ணன் சொல்லி அறிந்தது, கணவரின் வருமானம் அவர் பேச்சிலிருந்தும் மண்டிக் கணக்கு நோட்டைப் பார்த்தும் அறிந்தது. சட்டம் பற்றியவை சட்ட உதவி வழக்கறிஞர் விளக்கியபடி எழுதியவை. எதையும் மறைக்கவில்லை என்று 19.11.2025 அன்று ஒட்டன்சத்திரத்தில் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) பா. கவிதா
மனுதாரர்