துணி ஆல்டரேஷன் தொழில்: என் ஒரு பக்கத் திட்டம்

வீட்டில் ஒரு தையல் மெஷின், ஏழு வருடத் தையல் பழக்கம், ஒரு நாளில் ஐந்து மணி நேரம். கையில் இருப்பது இவ்வளவுதான். புதுத் துணி தைத்துக் கொடுக்கும் வேலை எனக்கு வேண்டாம். வாங்கிய துணியை உடம்புக்குப் பொருந்தச் செய்வது மட்டுமே தொழில். தோழி ஒருத்தி வாரத்தில் இரண்டு மாலை உதவிக்கு வருகிறாள். இருவரும் ஒரே கணக்கைப் பார்க்க வேண்டும் என்பதற்காக இதை எழுதி மெஷினுக்கு மேலே ஒட்டுகிறேன்.

யாருக்காக

முதலில் "எல்லோருக்கும்" என்று எழுதினேன், உடனே அடித்துவிட்டேன். எல்லோருக்கும் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? அப்புறம் தெரிந்தவர்கள் பதினொரு பேரிடம் ஒரே கேள்வி கேட்டேன்: "வாங்கிவிட்டு, அளவு சரியில்லாமல் போடாமலே வைத்திருக்கும் துணி வீட்டில் இருக்கிறதா?" எட்டுப் பேர் அலமாரியைத் திறந்து காட்டினார்கள். ஐந்து பேரிடம் இருந்தது பேன்ட், எல்லாமே நீளம் அதிகம். மூன்று பேரிடம் தோளில் சரியாக நின்று, இடுப்பில் பை போல் தொங்கும் சட்டை.

ஐந்து பேன்ட்காரர்களில் நான்கு பேர் ஆன்லைனில் வாங்கியவர்கள், வேலைக்குப் போகிறவர்கள். திருப்பி அனுப்பும் நாள் கடந்துவிட்டது. தையல் கடைக்குப் போக நேரமில்லை. போனாலும் புதுத் துணி வேலைக்கு நடுவில் இந்தச் சின்ன வேலையைத் தள்ளிப் போடுவார்களோ என்ற சந்தேகம். இவர்கள்தான் என் முதல் வாடிக்கையாளர்கள்.

வளரும் பிள்ளைகளின் சீருடையைக் கேட்டு வரும் பெற்றோர் இரண்டாவது. அவர்கள் வருவது பள்ளி திறக்கும் சமயத்தில் மட்டும். அதை நம்பி மாதக் கணக்குப் போட முடியாது.

என்ன தருகிறேன்

தூங்கிக் கிடக்கும் துணி மூன்று, நான்கு நாளில் போடும் துணியாகத் திரும்பி வரும். செவ்வாய் வாங்கினால் வெள்ளி, வெள்ளி வாங்கினால் செவ்வாய்க்குள். அளவு அவர்கள் வீட்டிலேயே, அவர்கள் போடும் செருப்போடு நிற்க வைத்து எடுப்பேன். செருப்பு மாறினால் பேன்ட் நீளம் மாறும். குண்டூசி குத்திக் காட்டி, அவர்கள் "சரி" என்ற பிறகுதான் வெட்டுவேன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. ரெடிமேட் துணியில் ஓரத் தையலுக்கு உள்ளே பெரும்பாலும் ஒரு விரல் அகலம்கூட இருக்காது, அதையும் நூல் பிரியாதபடி ஓவர்லாக் அடித்து முடித்திருப்பார்கள். அதனால் குறைக்கலாம், பெரிதாக்குவது அரிது. இறுக்கமான துணியைக் கொடுத்தால், பிரித்துப் பார்த்த பிறகு "முடியாது" என்று சொல்வதைவிட, வாங்கும்போதே உள்ளே புரட்டிக் காட்டிச் சொல்லிவிடுவேன். கோட்டு, தோல் உடை, மணி வேலைப்பாடு உள்ளவை இப்போதைக்கு எடுப்பதில்லை. கெடுத்தால் ஈடு கட்ட என்னால் முடியாது.

எப்படித் தெரியும், எப்படிச் சேரும்

வாட்ஸ்அப்பில் ஒரு எண். பழைய நிலையும் புதிய நிலையும் ஒரே ஆள் போட்ட இரண்டு போட்டோ. மற்ற விளம்பரம் இப்போது வேண்டாம். முதல் எட்டுப் பேருக்கு ஒரு துணி இலவசம் இல்லை, பாதிக் கூலி. இலவசமாகக் கொடுத்தால் அவர்கள் உண்மையில் காசு கொடுப்பார்களா என்பது எனக்குத் தெரியாமலே போகும். துணி தேய்த்துக் கொடுப்பவர்கள் இருவரிடம் பேசியிருக்கிறேன். அவர்கள் அனுப்பும் ஒவ்வொரு துணிக்கும் கூலியில் பத்தில் ஒரு பங்கு அவர்களுக்கு.

தினமும் ஓடினால் தைக்க நேரம் இருக்காது. வாங்குவதும் கொடுப்பதும் செவ்வாய், வெள்ளி மாலை மட்டும், ஒரே சுற்றில். தோழி வரும் மாலைகளும் அவைதான்.

கணக்கு

கூலியைப் பணத்தில் எழுதாமல், ஒரு பேன்ட் நீளம் குறைத்து அடிக்கும் கூலியை 1 என்று வைத்துக்கொள்கிறேன். பிரித்து, வெட்டி, மடித்து அடித்து, தேய்த்து முடிக்க எனக்கு 20 நிமிடம். மற்ற வேலைகளின் கூலியும் நேரத்தை வைத்தே: சட்டையின் இரு பக்கமும் குறைக்க 40 நிமிடம், கூலி 2. ஜிப் மாற்றவும் 2, ஜிப்பின் விலை தனி. ஜீன்ஸின் பழைய மடிப்பு அப்படியே தெரியும்படி குறைப்பது 2. இதைச் சாதாரண பேன்ட் கூலிக்குச் செய்துகொண்டிருந்தேன். 16 ஆம் நம்பர் ஊசி போட்டு, தடித்த இடத்தில் கையால் சக்கரத்தைச் சுற்றி அடிக்க வேண்டிய வேலை அது. இனி அப்படி இல்லை.

ஒவ்வொரு 1 கூலிக்கும் நூல், ஊசி, கவர் என்று 0.1 போகும். கையில் நிற்பது 0.9.

வேலை வந்தாலும் வராவிட்டாலும் மாதம் போகும் செலவு:

- பழைய ஓவர்லாக் மெஷின் வாங்கிய 120 ஐ ஒரு வருடத்தில் திரும்ப எடுக்க: 10
- போக்குவரத்து: 8
- மெஷின் சர்வீஸ்: 6
- மின்சாரம்: 6
- போன்: 4
- கெட்டுப்போன துணிக்கு ஒதுக்கல்: 2

மொத்தம் 36. 36 ஐ 0.9 ஆல் வகுத்தால் 40. மாதம் 40 கூலி வந்தால் கையைக் கடிக்காது. ஆனால் அதில் என் உழைப்புக்கு ஒன்றும் இல்லை. முதல் தடவை போட்ட கணக்கில் என் சம்பளத்தை விட்டுவிட்டு லாபம் என்று சந்தோஷப்பட்டேன். அது லாபமே இல்லை. எனக்கும் தோழிக்கும் சேர்த்து 108 வேண்டும். அப்படியானால் 144 ஐ 0.9 ஆல் வகுக்க வேண்டும்: 160. மாதம் 24 வேலை நாள், ஒரு நாளைக்கு ஏழுக்குக் கொஞ்சம் குறைவு.

முடியுமா? ஐந்து மணி நேரத்தில் 15 அடிக்கலாம் என்று காகிதம் சொல்கிறது. அளவு எடுப்பது, பேசுவது, நூல் நிறம் தேடுவது எல்லாம் போக நான் குறித்து வைத்துப் பார்த்ததில் 9 தான் வந்தது. ஏழு முடியும், ஆனால் நிறைய இடைவெளி இல்லை. தேய்ப்பவர்கள் வழியாக வரும் துணியில் 0.9 அல்ல, 0.8 தான் நிற்கும். அதனால் நேராக வருகிறவர்களை முதலில் நிரப்ப வேண்டும்.

முதல் மாதம் நாளைக்கு 4 என்று எதிர்பார்க்கிறேன். 96 கூலி, செலவு போக 50 சொச்சம் மிஞ்சும். எங்கள் சம்பளத்தில் பாதிகூட இல்லை. மூன்று மாதம் அதைத் தாங்கச் சேமிப்பு இருக்கிறது.

நான்கு வாரம் கழித்துப் பார்க்க வேண்டியது

பாதிக் கூலிக்கு வந்த எட்டுப் பேரில் எத்தனை பேர் முழுக் கூலிக்கு இரண்டாவது துணி கொடுத்தார்கள்? மூன்று பேருக்குக் குறைந்தால் "என்ன தருகிறேன்" பகுதியைத் திருத்தி எழுதுவேன். கூலியைக் குறைக்க மாட்டேன். இந்தக் காகிதத்தில் பென்சிலால் எழுதியிருப்பதும் அதற்காகத்தான்.