ஒப்பந்தப் புதுப்பிப்பு: மூன்று ஆண்டுகளுக்கு ஒரே கட்டணம்

வணக்கம் சார்,

உங்கள் இணையதளப் பராமரிப்பு ஒப்பந்தம் மார்ச் 31-ஆம் தேதி முடிகிறது. ஆறு வருடமாக ஆண்டுதோறும் புதுப்பிக்கிறோம். ஒவ்வொரு முறையும் கட்டணம் பற்றிப் பேசியே இரண்டு வாரம் போய்விடுகிறது. இந்த முறை மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாமா?

அப்படியானால் இப்போதைய மாதக் கட்டணத்தில் 12 சதவீதம் குறைத்து, மூன்று ஆண்டும் ஏற்றாமல் அதையே வைத்துக்கொள்கிறேன். வேலை நிச்சயம் என்று தெரிந்தால் உங்கள் தளத்துக்கென ஒருவரை நிரந்தரமாக ஒதுக்க முடியும். எனக்கு மிச்சமாவது அதில்தான், அதனால்தான் இந்தத் தள்ளுபடி கட்டுப்படியாகிறது.

மாதம் 40 மணி நேர வேலை அப்படியே தொடரும். கூடுதல் நேரத்துக்கும் இதே விகிதம்தான். இடையில் விலக நினைத்தால் 90 நாள் முன்னறிவிப்பு போதும். ஆனால் முதல் ஆண்டுக்குள் நீங்கள் விலகினால், அதுவரை பெற்ற தள்ளுபடியை மட்டும் திருப்பித் தர வேண்டியிருக்கும். இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

ஓராண்டு போதுமென்றால் சரி, பழைய கட்டணத்திலேயே தொடரலாம். வரைவை இணைத்திருக்கிறேன். மார்ச் 10-க்குள் உங்கள் முடிவைச் சொன்னால் வசதியாக இருக்கும்.

அன்புடன்,
உங்கள் இணையதளப் பராமரிப்பாளர்