பிளவுஸ் தைக்கும் வேலை தொடர்பாக

அன்புள்ள மேடம்,

வணக்கம். போன மாதம் உங்கள் டெய்லர் லீவில் இருந்தபோது அவசரத்துக்குச் சில பிளவுஸ் தைத்துக் கொடுத்த செல்விதான் எழுதுகிறேன். இனி உங்கள் பொட்டிக்குக்கு வாடிக்கையாகவே தைத்துத் தர விரும்புகிறேன்.

வீட்டில் இருந்தபடி வாரத்துக்கு 12 பிளவுஸ் நிதானமாக முடிப்பேன். திங்களன்று துணி தந்தால் சனிக்கிழமை ஹூக் கட்டி, அயர்ன் செய்து கொண்டு வந்துவிடுவேன். ஆர்டர் குவியும்போது கூடுதலாகவும் எடுப்பேன். ஆனால் இன்று கொடுத்து நாளை கேட்டால் முடியாது. அவசரத் தையலைக் கழுத்துப் பட்டியே காட்டிக்கொடுத்துவிடும்.

லைனிங் துணியை நனைத்து உலர்த்திய பிறகுதான் வெட்டுவேன். இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே அது சுருங்கி மேல்துணியை இழுக்கும். பக்கத் தையலில் ஒரு அங்குலம் உள்ளே விடுவேன், உடம்பு போட்டாலும் பிரித்துக்கொள்ளலாம். ஒரு வேண்டுகோள்: அளவுச் சீட்டோடு, அவரவருக்குப் பொருந்துகிற பழைய பிளவுஸ் ஒன்றும் வேண்டும். வெறும் சீட்டை நம்பினால் கைக்குழி சொதப்பும்.

சாதா, லைனிங், பிரின்சஸ் கட் மூன்றுக்கும் தனித்தனிக் கூலி பேசிக்கொள்வோம். லைனிங், ஹூக் நீங்கள் தர வேண்டும். நூல் என் பொறுப்பு. என் தையலில் பிழை இருந்தால் கூலி இல்லாமல் சரிசெய்வேன். வாடிக்கையாளர் மனம் மாறி அளவைக் குறைத்தால் ஆல்ட்டர் கூலி தனி. கணக்கை மட்டும் வாராவாரம் முடித்துவிடுங்கள்.

முதலில் ஒரு மாதம் பார்ப்போமா? செவ்வாய் மதியம் மாதிரிக்கு இரண்டு பிளவுஸோடு கடைக்கு வருகிறேன்.

இப்படிக்கு,
செல்வி