நல்வரவு செந்தில் சார்: உங்கள் புதிய வலைத்தள வேலை இப்படித் தொடங்கும்

அன்புள்ள செந்தில் சார்,

வணக்கம். நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தமும் முன்பணமும் நேற்று வந்து சேர்ந்தன. மிக்க நன்றி. முதல் முறை பேசியபோது, ஆணியே இல்லாமல் ஒரு நாற்காலியின் கால்களை எப்படிப் பொருத்துகிறீர்கள் என்று சொன்னீர்கள். அந்த வேலைப்பாடு இப்போதுள்ள தளத்தில் எங்குமே தெரியவில்லை. புதிய தளத்தின் முதல் பக்கத்திலேயே அது தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

என் பெயர் கவிதா. வேலை முடியும்வரை உங்களுடன் தொடர்பில் இருக்கப்போவது நான்தான். வடிவமைப்பு, நிரல், எழுத்து என்று ஆளுக்கொரு பொறுப்பு இருந்தாலும், எந்தக் கேள்வியையும் என்னிடமே கேளுங்கள். உரியவரிடம் விசாரித்து, அடுத்த வேலை நாளுக்குள் பதில் சொல்கிறேன்.

வியாழக்கிழமை கூட்டம்

வரும் வியாழன் காலை 11 மணிக்கு வீடியோ அழைப்பில் சந்திக்கிறோம். 45 நிமிடம் போதும். இத்துடன் ஒரு கேள்வித்தாள் இணைத்திருக்கிறேன். புதன் மாலைக்குள் நிரப்பி அனுப்புங்கள். அழகாக எழுத வேண்டியதில்லை, வாய்ஸ் நோட்டாகச் சொல்லி அனுப்பினாலும் சரி. நேரமில்லை என்றால் 7ஆம் கேள்விக்கு மட்டுமாவது பதில் வேண்டும்: வாங்க வருபவர்கள் உங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்பது என்ன? தளத்தில் எந்தப் பக்கங்கள் வேண்டும் என்பதைப் பெரும்பாலும் அந்தப் பதில்தான் முடிவு செய்யும்.

கணக்குகளுக்கான அனுமதி

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். டொமைன், ஹோஸ்டிங், கூகுள் அனலிட்டிக்ஸ் ஆகிய மூன்றிலும் எங்களுக்கு அனுமதி வேண்டும். ஆனால் பாஸ்வேர்டை மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்ப வேண்டாம். ஒவ்வொரு கணக்கிலும் என் மெயில் முகவரியைக் கூடுதல் பயனராகச் சேர்த்தால் போதும். வேலை முடிந்ததும் நீங்களே நீக்கிவிடலாம். எப்படிச் சேர்ப்பது என்பது கேள்வித்தாளின் கடைசிப் பக்கத்தில் படங்களோடு இருக்கிறது. சிக்கினால் வியாழன் அழைப்பிலேயே சேர்ந்து செய்துவிடலாம். எங்கள் பெயரில் யார் ஓடிபி கேட்டாலும் கொடுக்காதீர்கள். உடனே எனக்கு போன் செய்யுங்கள்.

அப்புறம், டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். முன்பு தளம் செய்து கொடுத்தவர் தன் கணக்கிலேயே பதிவு செய்து வைத்திருப்பது நிறைய இடங்களில் நடக்கிறது. அப்படியென்றால் முதலில் அதை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். எங்கள் பெயரிலும் அது இருக்கக் கூடாது. அது உங்கள் கடையின் முகவரி, உங்களிடமே இருக்கட்டும்.

படங்கள்

பகிர்ந்த டிரைவ் ஃபோல்டர் ஒன்றின் இணைப்பு இன்று மாலை தனியாக வரும். அதில் படங்களை, எடுத்த அதே அளவில் போடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். மரத்தின் ரேகை பெரிய திரையில் மங்கலாகத் தெரியும். எல்லாம் ஒரே நாளில் வேண்டாம், விற்பனை அதிகமுள்ள 10 பொருள்களிலிருந்து தொடங்கலாம். இது மாதிரி வேலைகள் தாமதமாவது பெரும்பாலும் படங்களுக்கும் விவரங்களுக்கும் காத்திருப்பதால்தான். அதனால்தான் இதை முதல் வாரத்திலேயே கேட்கிறேன்.

வடிவமைப்பும் வெளியீடும்

மூன்றாம் வாரம் முதல் பக்கத்தின் மாதிரியையும் ஒரு பொருள் பக்கத்தின் மாதிரியையும் அனுப்புவோம். ஒப்பந்தப்படி இரண்டு சுற்றுத் திருத்தம் உண்டு. வீட்டில், கடையில் எல்லோரிடமும் காட்டுங்கள். கருத்துகளை மட்டும் நீங்களே திரட்டி ஒரே மெயிலாக அனுப்புங்கள். மாதிரி முடிவான பிறகே இரண்டாம் தவணைக்கான பில் வரும். எந்த நிலையில் இருக்கிறோம் என்று ஒவ்வொரு வெள்ளி மாலையும் ஒரு சிறு மெயில் போடுவேன்.

புதிய தளம் தயாராகும்வரை பழைய தளம் அப்படியே இயங்கும், ஆர்டர் எதுவும் நிற்காது. மாற்றும் நாளில், உங்கள் மெயில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று சொல்லும் MX பதிவுகளைத் தொட மாட்டோம், ஆகவே உங்கள் மெயில் வழக்கம்போல் வரும். பழைய பக்கங்களின் முகவரிகளை 301 என்ற நிரந்தரத் திருப்புதல் மூலம் புதிய பக்கங்களுக்குத் திருப்பிவிடுவோம். கூகுளில் தேடி வருபவர் வெறும் பிழைப் பக்கத்தில் போய் நிற்க மாட்டார். வெளியீட்டுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையைத்தான் தேர்ந்தெடுப்போம். ஏதாவது சரிசெய்ய வேண்டியிருந்தால், அந்த வாரம் முழுக்கக் குழு அலுவலகத்தில் இருக்கும்.

வேலை நாள்களில் காலை 9:30 முதல் மாலை 6 வரை அழைக்கலாம். என் எண் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது. மற்றவை வியாழனுக்குள் வந்தால் போதும். டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்பதை மட்டும் இன்றோ நாளையோ இந்த மெயிலுக்குப் பதிலாக ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
கவிதா
திட்ட ஒருங்கிணைப்பாளர்

இணைப்பு: கேள்வித்தாள்