நான்கு இரவு, ஐந்து சந்தை: அக்கா குடும்பத்துக்கான பினாங்குப் பயணத் திட்டம்

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

2026 ஆகஸ்ட் 20, வியாழக்கிழமை தொடங்கி 24, திங்கட்கிழமை முடியும் உங்கள் பயணத்துக்கான திட்டத்தைக் கீழே எழுதியுள்ளேன். பார்க்கும் இடங்களை முதலில் வைத்து நடுவில் சாப்பாட்டைச் செருகாமல், சந்தைகள் கூடும் நேரத்தையும் தெருக்கடைகள் அடுப்பு மூட்டும் நேரத்தையும் வைத்தே நாட்களை வகுத்திருக்கிறேன். இத்திட்டத்தின் நடுத்தூண் அசாம் லக்சா என்னும் புளிப்பு மீன் நூடுல்ஸ். வெள்ளிக்கிழமை அதை எதுவும் அறியாமல் சாப்பிடுவீர்கள். சனிக்கிழமை உங்கள் கையாலேயே சமைப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை வேறோர் ஊரில் மீண்டும் சாப்பிடுவீர்கள். ஆறு ஆண்டுகள் இத்தீவில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த வரிசையை மட்டும் தயவுசெய்து மாற்ற வேண்டாம்.

மலேசியா வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நால்வருக்கும் மலேசிய மின்னணு வருகை அட்டையை இணையத்தில் நிரப்பிவிடுங்கள். கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்க வேண்டும். ஜார்ஜ் டவுனின் முன்ட்ரி தெருவில், ஒரு பழைய கடைவீட்டில் இரண்டு அறைகள் பதிவாகியுள்ளன. அத்தைக்குப் படி ஏறுவது சிரமம் என்பதால் தரைத்தள அறை ஒன்றைக் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

வியாழன், ஆகஸ்ட் 20

திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வழியாக வரும் நீங்கள் பிற்பகல் மூன்று மணிக்குப் பினாங்கில் இறங்குவீர்கள். அன்று களைப்பைப் பொறுத்து நடந்தால் போதும். மாலை ஆறு மணிக்குக் குவீன் தெருவில் 1833இல் எழுந்த மாரியம்மன் கோயிலுக்குச் சென்று கும்பிட்டுவிட்டு, அருகிலுள்ள லெபோ பாசார் வழியாக நடந்து வாருங்கள். மசாலாக் கடைகள், பூக்கட்டுபவர்கள், வடைச் சட்டிகள் என்று அந்தத் தெருக்கள் நமக்கு அந்நியமாகத் தோன்றாது. அத்தைக்கு அன்றிரவு வாழையிலைச் சாப்பாடு. மற்றவர்களும் அதையே சாப்பிட்டு, பிறகு ஒரு தே தாரிக் குடித்தால் போதும். தே தாரிக் என்பது நம் ஆற்றிய தேநீர்தான், ஆனால் பாலுக்குப் பதில் கெட்டிப்பால் சேர்த்தது. இனிப்பைக் குறைக்கச் சொல்ல 'குராங் மானிஸ்' என்று கேளுங்கள்.

வெள்ளி, ஆகஸ்ட் 21

காலை ஏழரைக்கு பினாங்கு சாலையிலுள்ள சௌரஸ்தா சந்தைக்குச் செல்லுங்கள். நாற்சந்தி என்ற பொருள்படும் பெயர் அது. சந்தைக் கட்டடத்துக்குள் போவதற்கு முன் அதன் பின்புறமுள்ள கோலகங்சார் சாலையில் முதலில் நடக்க வேண்டும், ஏனென்றால் கீரையும் மீனும் மூலிகைகளும் அங்கே தரையிலும் தள்ளுவண்டியிலும் விற்கப்படுவது காலைப்பொழுதில்தான். வெயில் ஏறியபின் போனால் ஈரத் தரையை மட்டுமே காண்பீர்கள். பாப்பாவிடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன்: இளஞ்சிவப்பு நிறத்தில் தாமரை மொட்டைப் போல நீண்டு கூம்பிய ஒரு மொட்டைத் தேடிக் கண்டுபிடித்து முகர்ந்து பார்க்க வேண்டும். 'புங்கா கந்தான்' என்று மலாயில் சொல்லப்படும் அது இஞ்சிக் குடும்பத்துப் பூ. அந்த மணத்தை மூக்கு ஒருமுறை பிடித்துக்கொண்டால், பகலில் லக்சாக் கிண்ணத்தைத் தூக்கியவுடன் அவள் அடையாளம் கண்டுவிடுவாள்.

காலையுணவுக்குச் சந்தைக்கருகே ரொட்டி சானாய். நம் பரோட்டாவின் உறவுதான் என்றாலும் மாவை வீசி விரிக்கும் விதத்தையும், பருப்புக் குழம்போடு பரிமாறும் பழக்கத்தையும் அருகில் நின்று கவனியுங்கள். ஞாயிறு மாலை அது உங்களுக்குப் பயன்படும். சௌரஸ்தாவினுள் ஜாதிக்காய், மாங்காய், நெல்லி எனப் பல பழங்களை உப்பிலும் சர்க்கரையிலும் ஊறவைத்த 'ஜெருக்' கடைகள் இருக்கின்றன. சுவை பார்க்கக் கொடுப்பார்கள். வாங்குவதைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிப் போடுங்கள்.

பதினொரு மணிக்கு 204ஆம் எண் பேருந்தில் ஆயர் ஈத்தாம் செல்லுங்கள். கெக் லோக் சி புத்தர் கோயில் இருக்கும் மலையடிவாரச் சந்தைப் பகுதி அது. இங்கேதான் முதல் லக்சா. கிண்ணத்தில் தடித்த அரிசி நூடுல்ஸ், அதன்மேல் அயிலை மீனை வேகவைத்து உதிர்த்துக் காய்ச்சிய புளிப்புச் சாறு, அன்னாசி, வெள்ளரி, வெங்காயம், புதினா, நாம் காலையில் முகர்ந்த மொட்டின் சீவல், ஓரத்தில் கரண்டியில் 'ஹே கோ' எனப்படும் கறுத்த இறால் களி. களியை முதலில் கலக்காமல் சாற்றைத் தனியே இரண்டு வாய் குடித்துவிட்டு, பிறகு கலந்து குடியுங்கள். இந்த வேறுபாட்டைத்தான் மறுநாள் அடுப்பருகில் நின்று புரிந்துகொள்ளப் போகிறீர்கள். அத்தை மீன் சாப்பிடாதவர் என்பதால், கோயிலைச் சுற்றியுள்ள சீன சைவ உணவகம் ஒன்றில் அவருக்கு நூடுல்ஸ் வாங்கிக் கொடுங்கள். பௌத்த சைவச் சமையலில் வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்ப்பதில்லை, ஆகையால் அவருக்கு அது விரத நாள் சாப்பாடு போலவே பொருந்தும்.

மூன்று மணிக்கு நகருக்குத் திரும்பும் வழியில் லெபோ கெங் குவீ சந்தில் செண்டோல். பாண்டான் இலைச் சாறு கலந்த பச்சை மாவுப் புழுக்கள், சிவப்பு ராஜ்மா, தேங்காய்ப்பால், தென்னைவெல்லப்பாகு, சீவிய பனிக்கட்டி, நால்வருக்கும் ஏற்றது. இரவில் லோரோங் பாரு தெருக்கடைகள். அங்கே சார் குவே தியாவ் என்னும் தட்டை அரிசி நூடுல்ஸை வறுக்கும் கடைக்காரரின் வாணலியைப் பாருங்கள்: ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு தட்டுக்கு மேல் போடமாட்டார், ஏனெனில் அடுப்பின் வெப்பம் குறைந்தால் புகை மணம் ஏறாது. சீனக் கடைகளில் அதைப் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பில்தான் வறுப்பார்கள். வேண்டாமென்றால் கேட்டுவிட்டு வாங்குங்கள். மேசையில் இடம் பிடித்து, மேசையெண்ணைக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு அமர்ந்தால் தட்டு உங்களைத் தேடி வரும். அப்போதுதான் பணம் தர வேண்டும். குடிக்க ஏதாவது அந்த இடத்தின் உரிமையாளரிடம் வாங்குவது மரியாதை.

சனி, ஆகஸ்ட் 22

இந்த நாளுக்காகவே மற்ற நாட்களை அமைத்தேன். காலை எட்டு மணிக்குப் புலாவ் திக்குஸ் சந்தையின் வாசலில் சமையல் வகுப்பு நடத்தும் அம்மையார் உங்களைச் சந்திப்பார். அவர் சீன, மலாய் மரபுகள் கலந்த பாபா-நோன்யா குடும்பத்தைச் சேர்ந்தவர். அருகிலுள்ள தம் வீட்டில், ஒரு நேரத்தில் ஆறு பேருக்கு மேல் சேர்க்காமல் கற்றுத்தருகிறார். உங்கள் நால்வரைத் தவிர வேறு இருவர் வருகிறார்கள். தலைக்கு 220 ரிங்கிட் கட்டணம், பாதியை நான் செலுத்திவிட்டேன். ஐம்பது பேர் சுற்றி நின்று பார்க்கும் பெரிய கூடங்களை நான் வேண்டுமென்றே தவிர்த்தேன். அங்கே அரைத்த விழுது கிண்ணத்தில் தயாராக வந்துவிடும், அரைக்கும்போது மணம் மாறுவதை நீங்கள் அறியவே முடியாது.

சந்தையில் அரைமணி நேரம் அவருடன் நடந்து மீனும் மூலிகையும் வாங்கி, வீட்டுக்கு வந்ததும் மிளகாய், சிறுவெங்காயம், எலுமிச்சைப்புல், மஞ்சள், பெலாச்சான் என்னும் இறால் கட்டி ஆகியவற்றை உரலில் இடிப்பீர்கள். லக்சாவின் புளிப்புக்கு நம் புளியோடு 'அசாம் கெப்பிங்' என்னும் காய்ந்த பழச்சீவலும் சேரும். அது நம் குடம்புளியின் இனத்தைச் சேர்ந்தது. அக்கா, நீ மீன்குழம்புக்குக் குடம்புளி போடுபவள், ஆகவே அந்த இடத்தில் அவரிடம் கேள்விகள் கேள். பதில் சொல்ல விரும்புபவர் அவர்.

அத்தைக்காகத் தனி அடுப்பு கேட்டிருக்கிறேன். அவர் ஒன்டே-ஒன்டே செய்வார்: பாண்டான் சாறு சேர்த்த பசையரிசி மாவில் வெல்லத்தை வைத்து உருட்டி, கொதிநீரில் மிதக்கும்வரை வேகவிட்டு, தேங்காய்த்துருவலில் புரட்டுவது. கொழுக்கட்டை பிடித்த கைக்கு அது புதிதாக இருக்காது, ஆனால் உருண்டை கடித்தவுடன் பாகு பீச்சும், ஒரே வாயில் போட வேண்டும். பெலாச்சான் அரைத்த உரலும் கரண்டியும் அவர் பக்கம் வராது என்று அம்மையார் உறுதி கூறியிருக்கிறார். இதை வெளிக்கடைகளிலும் மறக்க வேண்டாம்: கீரைப் பொரியல் என்று வருவதிலும் பெலாச்சான் இருக்கக்கூடும், 'இறைச்சி இல்லை' என்று மட்டும் கேட்டால் பதில் போதாது.

ஒன்றரை மணிக்கு வகுப்பு முடிந்து, சமைத்ததையே உண்டுவிட்டுத் தூங்குங்கள். இரவு எட்டுக்கு மேல் அத்தானும் பாப்பாவும் மட்டும் நாசி கண்டார் சாப்பிடச் செல்லலாம். 'கண்டார்' என்பது தோளில் சுமக்கும் காவடித் தடி. ஒரு முனையில் சோறும் மறுமுனையில் கறியுமாகத் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் துறைமுகத் தொழிலாளர்களிடம் விற்ற உணவு அது. பல குழம்புகளைச் சோற்றின்மேல் கலந்து ஊற்றச் சொல்ல 'பஞ்சிர்', அதாவது வெள்ளம், என்று சொல்ல வேண்டும். மாட்டுக்கறியும் இருக்கும், சுட்டிக் காட்டிக் கேட்டு வாங்குங்கள். சீனர்களின் ஏழாம் மாதம் நடக்கும் காலம் என்பதால், வழியில் முன்னோருக்கான படையலையும் தெருமேடைக் கூத்தையும் காண நேரலாம். முதல் வரிசை நாற்காலிகள் ஆவிகளுக்காக விடப்பட்டவை, அவற்றில் உட்கார வேண்டாம்.

ஞாயிறு, ஆகஸ்ட் 23

எட்டு மணிக்கு வாடகைக் கார் வரும். தீவின் மறுபுறம், மலைக்கு அப்பால் உள்ள பாலிக் புலாவுக்கு வளைவுகள் மிகுந்த பாதை, அத்தைக்கு முன்னிருக்கை. காலைச் சந்தை சிறியது, ஒருமணி நேரத்தில் முடிந்துவிடும். டுரியான் பருவத்தின் உச்சம் ஜூன், ஜூலையிலேயே கடந்துவிடுவதால் அதை எதிர்பார்த்து வர வேண்டாம். ஜாதிக்காய்ச் சாறு கிடைக்கும், அதைக் குடியுங்கள். பதினொன்றரைக்கு இரண்டாவது லக்சா. இம்முறை தேங்காய்ப்பால் சேர்த்த லக்சா லெமாக்கையும் ஒரு கிண்ணம் வாங்கிப் பக்கத்தில் வைத்துச் சாப்பிடுங்கள். எது எதனால் புளிக்கிறது, எது எங்கே மணக்கிறது என்று மேசையிலேயே பேசுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

மாலை நான்கு முதல் ஆறு வரை நகருக்குள் ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பத்தின் வீட்டில் ரொட்டி சானாயும் அப்பமும் கற்கும் சிறு வகுப்பு. தலைக்கு 90 ரிங்கிட். அத்தை விரும்பினால் மட்டும் வரலாம். மாவை எண்ணெயில் ஊறவிட்டு, கைவிரல்களால் காகிதம்போல வீசி மெலிதாக்குவது அத்தானுக்குப் பிடிக்கும் வேலை. இரவு தனியே எதுவும் திட்டமிடவில்லை, வயிற்றுக்கும் ஓய்வு வேண்டும்.

திங்கள், ஆகஸ்ட் 24

பிற்பகல் ஒரு மணிக்கு விமானம் என்பதால் பத்தரைக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். எட்டுக்குச் சௌரஸ்தாவில் ஜாதிக்காய் ஜெருக், லெபோ பாசாரில் காய்ந்த அசாம் கெப்பிங், தென்னைவெல்லம். பெலாச்சான் வாங்குவதானால் மூன்று சுற்று நெகிழித்தாளில் கட்டி, ஒரு மூடிய டப்பாவில் போட்டுப் பெட்டியில் வையுங்கள், கைப்பையில் வேண்டாம். சனிக்கிழமை அம்மையார் தரும் செய்முறைத் தாளை ஈரம் படாத உறையில் போட்டு, பாப்பாவின் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மொட்டு மட்டும் உடன் வராது. அதன் இடத்தில் எதைப் போடலாம் என்று அம்மையாரிடம் சனிக்கிழமையே கேட்டு எழுதிக்கொள்.

அன்புடன்,
உன் தம்பி